ஐசோவலெரிக் அமிலத்திலிருந்து வாலின்: புரோமின் ஏற்றுவது முதல் படிகம் கையில் வரும் வரை

ஹெல்–வோல்ஹார்ட்–செலின்ஸ்கி வினையைத் தாளில் எழுதச் சொன்னால் எல்லோரும் இரண்டே வரியில் எழுதிவிடுவார்கள். அமிலத்தோடு பாஸ்பரஸ் ட்ரைபுரோமைடும் புரோமினும், அப்புறம் தண்ணீர், அப்புறம் அம்மோனியா, கடைசியில் அமினோ அமிலம். அதையே ஃபிளாஸ்க்கில் செய்யச் சொன்னால் பாதிப் பேருக்குக் கடைசியில் பொருளே கிடைப்பதில்லை. கிடைக்கிறவர்களில் சிலருக்குக் கணக்கில் வரவே முடியாத அளவு கிடைக்கும், அது இன்னும் மோசம். நான் பார்த்தவரை யாரும் புரோமினால் தோற்பதில்லை, எதற்கு முன் எதைச் செய்வது என்ற வரிசையில்தான் தோற்கிறார்கள்.

இங்கே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். ஐசோவலெரிக் அமிலம், அதாவது 3-மெத்தில்பியூட்டனாயிக் அமிலம். அதிலிருந்து 2-புரோமோ-3-மெத்தில்பியூட்டனாயிக் அமிலம், அதிலிருந்து DL-வாலின். வாலின் தண்ணீரில் சுமாராகத்தான் கரையும், ஆல்கஹாலில் ஏறக்குறைய கரையவே கரையாது, அதனால் கடைசியில் பிரித்தெடுப்பது சுலபம். புரொப்பனாயிக் அமிலத்திலிருந்து அலனின் செய்வது இதைவிட எளிது என்று தோன்றும். ஆனால் அலனின் தண்ணீரில் நன்றாகக் கரைவதால் உப்பிலிருந்து பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இது ஃப்யூம் ஹூட் உள்ள ஆய்வகத்தில், பொறுப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டிய வேலை. நல்ல ஹூட் இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம்.

## 1. முதலில் வினையை ஒழுங்காகப் புரிந்துகொள்ளுங்கள்

கார்பாக்சிலிக் அமிலத்தோடு புரோமினை மட்டும் சேர்த்தால் ஆல்ஃபா கார்பனில் எதுவும் பெரிதாக நடக்காது. புரோமினைத் தாக்குவது ஈனால் வடிவம்தான், அமிலமோ ஈனாலாக மாறவே மாட்டேன் என்கிறது. அசைல் புரோமைடு அப்படியில்லை, அது ஓரளவு சுலபமாக ஈனாலாகும். பாஸ்பரஸ் ட்ரைபுரோமைடின் வேலை அமிலத்தை அசைல் புரோமைடாக மாற்றுவது, அவ்வளவுதான். ஆல்ஃபா கார்பனில் உட்காரும் புரோமின் அதிலிருந்து வருவதில்லை.

```
3 RCH2COOH + PBr3 → 3 RCH2COBr + H3PO3
RCH2COBr + Br2 → RCHBrCOBr + HBr
RCHBrCOBr + RCH2COOH ⇌ RCHBrCOOH + RCH2COBr
```

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். புரோமின் ஏறிய அசைல் புரோமைடு, இன்னும் வினைபுரியாத அமிலத்தோடு இடம் மாற்றிக்கொண்டு புதிய அசைல் புரோமைடைத் தருகிறது. இதனால்தான் பாஸ்பரஸ் ட்ரைபுரோமைடு கொஞ்சம் இருந்தாலே போதும். இந்த இடமாற்றம் மெதுவானது, சூடு கேட்கும். பின்னால் வரப்போகிற வெப்பநிலை விவரம் எல்லாம் இந்த ஒரு வரியில் இருந்துதான் வருகிறது.

ஆல்ஃபா கார்பனில் ஹைட்ரஜன் இல்லாத அமிலம் என்றால், பென்சாயிக் அமிலம் போல, பிவாலிக் அமிலம் போல, இந்த வழி கிடையாது. கிளைசின்தான் வேண்டுமென்றால் இத்தனை பாடு எதற்கு, கடையில் கிடைக்கும் குளோரோஅசெட்டிக் அமிலத்தில் இருந்தே தொடங்கலாம்.

## 2. அளவும் கணக்கும்

0.2 மோல் அளவில் செய்யலாம். ஐசோவலெரிக் அமிலம் 20.4 கிராம், அதாவது 22 மில்லி. பாஸ்பரஸ் ட்ரைபுரோமைடு 5.4 கிராம், 1.9 மில்லி. புரோமின் 35.2 கிராம், 11.3 மில்லி, இது பத்து சதவீதம் அதிகம்.

பாஸ்பரஸ் ட்ரைபுரோமைடு 0.02 மோல்தான். ஆனால் ஒரு மூலக்கூறு மூன்று அமிலத்தை மாற்றும் என்பதால், தொடக்கத்திலேயே அமிலத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் அசைல் புரோமைடாகிவிடும். இதைத் தாராளமாக ஊற்றினால் வேகம் கூடும் என்று நினைத்து மூன்று பங்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கடைசியில் ஃபிளாஸ்க் முழுக்க புரோமோஅசைல் புரோமைடாக இருக்கும், தண்ணீர் விடும்போது அது காட்டும் கோபத்தையும் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். எஸ்டர் வேண்டுமென்றால் அது நல்ல வழி, எத்தனாலை விட்டு முடித்துவிடலாம். நமக்குத் தேவை அமிலம்.

இன்னொரு கணக்கைப் பலர் போடுவதே இல்லை. 0.2 மோல் ஹைட்ரஜன் புரோமைடு வெளியே வரப்போகிறது. 16 கிராம், வாயுவாக ஏறக்குறைய 5 லிட்டர். அதைப் பிடிக்க 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 300 மில்லி வையுங்கள். தேவையைப் போல மூன்று மடங்கு, தப்பி வரும் புரோமின் ஆவியையும் அது வாங்கிக்கொள்ளும்.

## 3. புரோமின் குப்பியைத் திறப்பதற்கு முன்

மூன்று கழுத்து உள்ள 250 மில்லி ஃபிளாஸ்க், காந்தக் கலக்கி, கண்டென்சர், உள்ளே திரவத்தைத் தொடும் தெர்மாமீட்டர், அழுத்தம் சமப்படுத்தும் டிராப்பிங் ஃபனல். எல்லா இணைப்பும் கண்ணாடியாக இருக்க வேண்டும். ரப்பர் கார்க்கைப் புரோமின் தின்றுவிடும், அரைமணியில் கறுத்துப் பிசுபிசுத்து உங்கள் பொருளுக்குள்ளேயே விழும்.

எல்லாக் கண்ணாடியும் அடுப்பில் உலர்ந்ததாக இருக்கட்டும். பாஸ்பரஸ் ட்ரைபுரோமைடு தண்ணீரோடு சீறும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமாக, ஈரம் அசைல் புரோமைடைத் திரும்ப அமிலமாக்கி, நாம் போட்ட கொஞ்ச வினையூக்கியையும் வீணாக்கிவிடும். "புரோமின் விட்டேன், நிறமே போகவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஃபிளாஸ்க் உலர்ந்ததா என்றுதான்.

கண்டென்சரின் தலையில் கால்சியம் குளோரைடு கார்டு டியூப், அதிலிருந்து குழாய், குழாயின் முனையில் கவிழ்த்த ஃபனல். அந்த ஃபனல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் மேலே ஒரு மயிரிழை இடைவெளியில் நிற்க வேண்டும், உள்ளே முங்கக் கூடாது. ஹைட்ரஜன் புரோமைடு தண்ணீரில் அத்தனை வேகமாகக் கரையும், முங்கியிருந்தால் கரைசலையே உறிஞ்சி ஃபிளாஸ்க்குக்குள் கொண்டுவந்துவிடும்.

கண்டென்சரில் ஓடும் தண்ணீரைக் கையால் தொட்டுப் பாருங்கள். புரோமின் 59 டிகிரியில் கொதிக்கும், நம் ஃபிளாஸ்க் அதைவிடச் சூடாக இருக்கப்போகிறது. நம் ஊரில் மே மாதம் மொட்டைமாடித் தொட்டியில் இருந்து வரும் தண்ணீரை நம்பினால் பாதிப் புரோமின் கார்டு டியூப் வழியாகப் போய்விடும். ஒரு வாளி ஐஸ் தண்ணீரும் சின்ன மோட்டாரும் வைத்துச் சுற்றவிடுங்கள்.

பக்கத்தில் பத்து சதவீத ஹைப்போ கரைசல் ஒரு பெரிய பீக்கர் நிறைய இருக்கட்டும், சிந்தினால் அதுதான் முதல் கை. மெல்லிய நைட்ரைல் கையுறை புரோமினுக்குத் தாங்காது. தடித்த கையுறை போடுங்கள், துளி பட்டால் உடனே கழற்றி எறியுங்கள்.

## 4. பாஸ்பரஸ் ட்ரைபுரோமைடு முதலில், குளிரில்

ஐசோவலெரிக் அமிலத்தை ஃபிளாஸ்க்கில் எடுங்கள். வியர்த்த காலுறையின் நாற்றம் அடிக்கும், ஹூட்டுக்கு வெளியே ஒரு சொட்டு சிந்தினாலும் அன்று முழுக்க உங்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஐஸ் தண்ணீரில் வைத்துக் கலக்கிக்கொண்டே பாஸ்பரஸ் ட்ரைபுரோமைடைச் சொட்டுச் சொட்டாகப் பத்து நிமிடத்தில் விடுங்கள்.

விட்டு முடித்ததும் அறை வெப்பநிலைக்கு வரவிட்டு அரைமணி கலக்குங்கள். அடியில் பிசுபிசுப்பாக ஏதாவது பிரிந்தால் பயப்பட வேண்டாம், அது பாஸ்பரஸ் அமிலம். இந்த அரைமணியைத் தவிர்த்துவிட்டு நேரே புரோமினுக்குப் போனால், ஈனாலாக மாற ஆளே இல்லாத இடத்தில் புரோமினைக் கொட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

## 5. சூடு முதலில், புரோமின் அப்புறம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். எண்ணெய்த் தொட்டியை ஏற்றி, உள்ளே இருக்கும் திரவம் 75 முதல் 80 டிகிரி காட்டிய பிறகுதான் முதல் சொட்டுப் புரோமின்.

புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புரோமின் ஆபத்தானது, அதனால் குளிரில் விட்டுவிட்டு மெல்லச் சூடேற்றலாம் என்று நினைக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். குளிரில் ஈனால் உருவாவது மிக மெதுவு, அதனால் விட்ட புரோமின் எல்லாம் செலவாகாமல் சேர்ந்துகொண்டே போகும். பிறகு சூடேற்றும்போது, வினை தொடங்கியதும் வெளிவரும் ஹைட்ரஜன் புரோமைடு வினையை இன்னும் தூண்டிவிட, 11 மில்லி புரோமினும் ஒரே மூச்சில் வேலை செய்யத் தொடங்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் வர வேண்டிய 5 லிட்டர் வாயு சில நிமிடத்தில் வரும். நான் படித்த காலத்தில் என் கண் முன்னே ஒரு டிராப்பிங் ஃபனலின் மூடி ஹூட்டின் கூரையில் போய் அடித்தது. விட்டவன் நானேதான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை.

எனவே 80 டிகிரியில் அரை மில்லி விட்டு நிறுத்துங்கள். செந்நிறம் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும், சில சமயம் பத்து நிமிடம்கூட. நிறம் வெளிற வேண்டும், சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலின் மேல் வெள்ளைப் புகை தெரிய வேண்டும். இரண்டும் நடந்த பிறகுதான் அடுத்த சொட்டு. நிறம் போகும் வேகம்தான் சொட்டின் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும், உங்கள் கடிகாரம் அல்ல. சாதாரணமாக இரண்டு மணி நேரம் ஆகும்.

விட்டு முடித்த பின் 85 முதல் 90 டிகிரியில் இன்னும் இரண்டு மணி வையுங்கள். மேலே சொன்ன மூன்றாவது வரி, அந்த இடமாற்றம், முழுமையாவது இந்த நேரத்தில்தான். நிறம் மங்கிவிட்டதே என்று இங்கே அவசரப்படுகிறவர்களுக்குக் கால்பங்கு ஐசோவலெரிக் அமிலம் அப்படியே மிஞ்சும்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? பத்து சதவீதம் அதிகம் விட்டிருப்பதால் லேசான சிவப்பு கடைசி வரை இருக்கும், அது பரவாயில்லை. புகை நின்றுவிட வேண்டும். NMR வசதி இருந்தால் கேள்வியே இல்லை: ஐசோவலெரிக் அமிலத்தின் CH2 2.2 அருகே வரும், புரோமின் ஏறிய CH 4.1 அருகே டபுளெட்டாக வரும், இரண்டின் பரப்பையும் ஒப்பிட்டால் போதும். அது இல்லாத இடத்தில் செப்புக் கம்பியைச் சுடரில் காட்டும் பைல்ஸ்டைன் சோதனையை வைத்து முடிவெடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் புரோமைடே பச்சைச் சுடரைக் காட்டிவிடும்.

## 6. அம்மோனியாவுக்கு முன் தண்ணீர்

ஃபிளாஸ்க் ஆறியதும் நைட்ரஜனைக் கொஞ்ச நேரம் ஊதவிட்டு மிச்சப் புரோமினையும் வாயுவையும் அதே சோடியம் ஹைட்ராக்சைடுக்குள் விரட்டுங்கள். பிறகு மொத்தத்தையும் 60 கிராம் நொறுக்கிய ஐஸில், கலக்கிக்கொண்டே, மெல்ல ஊற்றி அரைமணி விடுங்கள்.

இந்தப் படி எதற்கு என்றால், உள்ளே இன்னும் 30 சதவீதம் அளவு புரோமோஅசைல் புரோமைடாகத்தான் இருக்கிறது. தண்ணீர்தான் அதை அமிலமாக்கும். இதை விட்டுவிட்டு நேரே அம்மோனியாவில் போட்டால் அம்மோனியா முதலில் பிடிப்பது கார்பனைல் பக்கத்தைத்தான், கிடைப்பது புரோமோ அமைடு. வாலின் கணக்கில் அது அப்படியே நஷ்டம்.

மஞ்சள் நிறம் இன்னும் இருந்தால் சோடியம் பைசல்பைட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுப் போக்குங்கள். இங்கே ஹைப்போ வேண்டாம். அமிலத்தில் ஹைப்போ சிதைந்து கந்தகத்தைப் பாலாகக் கக்கும், அப்புறம் அதை வடிகட்டவே அரைநாள் போகும். புரோமின் துளிகூட மிஞ்சாமல் பார்த்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அடுத்து அடர் அம்மோனியாவுக்குப் போகிறோம், அது புரோமினோடு மூர்க்கமாக வினைபுரியும்.

டைகுளோரோமீத்தேன் 40 மில்லியால் மூன்று தடவை பிரித்தெடுத்து, உப்புத் தண்ணீரால் ஒரு தடவை கழுவி, உலர் சோடியம் சல்பேட்டில் வைத்து, ரோட்டாவேப்பரில் கரைப்பானை எடுத்துவிடுங்கள். வருடா வருடம் யாராவது ஒருவர் பழக்கதோஷத்தில் சோடியம் பைகார்பனேட் கரைசலால் கழுவிவிடுவார். நம் பொருளே அமிலம், அது உப்பாகி மேலே இருக்கும் தண்ணீர்ப் படலத்துக்குப் போய்விடும், கீழே இருப்பது வெறும் கரைப்பான். அப்படி ஆகிவிட்டால் தண்ணீர்ப் படலத்தை மட்டும் கொட்டிவிடாதீர்கள், ஐஸில் வைத்து அமிலமாக்கித் திரும்பப் பிரித்தெடுக்கலாம்.

காற்றழுத்தம் குறைத்து வடித்தால், 15 மில்லிமீட்டரில் 110 முதல் 125 டிகிரிக்குள் வந்துவிடும். ஆறவிட்டால் சில சமயம் படிகமாக உறையும், உருகுநிலை 40 டிகிரி ஒட்டித்தான். தோலில் பட்டால் எரிச்சல், ஆவி கண்ணைக் கரிக்கும், கையுறையைக் கழற்றும் நேரம் இது இல்லை. என் கணக்கில் 20.4 கிராம் அமிலத்தில் இருந்து வடித்த பிறகு 30 கிராம் வந்தது, 83 சதவீதம்.

வடிக்காமல் அப்படியே அடுத்த படிக்குப் போகலாமா? போகலாம். மிஞ்சிய ஐசோவலெரிக் அமிலம் அம்மோனியம் உப்பாகிக் கடைசியில் ஆல்கஹாலோடு போய்விடும். ஆனால் கையில் இருப்பதில் எத்தனை கிராம் உண்மையான புரோமோ அமிலம் என்று தெரியாமல் போவதால் உங்கள் விளைச்சல் கணக்குக்கு அர்த்தமில்லை. முதல் தடவை செய்கிறவர்கள் வடித்துவிடுங்கள்.

## 7. அம்மோனியா: அமிலத்தை அதில் விடுங்கள், அதை அமிலத்தில் அல்ல

18.1 கிராம் புரோமோ அமிலம், 0.1 மோல். 25 சதவீத அம்மோனியா 200 மில்லி. அந்த அம்மோனியா லிட்டருக்கு ஏறக்குறைய 13 மோல், ஆகவே 2.6 மோல், புரோமோ அமிலத்தைப் போல 26 மடங்கு.

தாளில் எழுதினால் மூன்று மடங்கே போதும். ஒன்று அமிலத்தை நடுநிலையாக்க, ஒன்று புரோமினின் இடத்தைப் பிடிக்க, ஒன்று வெளிவரும் ஹைட்ரஜன் புரோமைடைப் பிடிக்க. ஆனால் உருவான வாலினிலும் அமீன் இருக்கிறதே, அதுவும் இன்னொரு புரோமோ அமிலத்தைத் தாக்கலாம். வாலின் ஒன்று இருக்கும் இடத்தில் அம்மோனியா நூறு இருந்தால் அது நடக்க வாய்ப்புக் குறைவு. கூடவே அம்மோனியா நீர்த்துப்போனால் வேறொரு தொல்லையும் உண்டு: பக்கத்திலேயே இருக்கும் கார்பாக்சிலேட் புரோமினைத் தானே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார வழிசெய்துவிடும், கிடைப்பது ஹைட்ராக்சி அமிலம்.

இதனால் குப்பியின் வயதும் முக்கியம். ஆறு மாதம் திறந்து மூடிக்கொண்டிருந்த அம்மோனியா, லேபிளில் 25 என்று இருந்தாலும் பாதிகூட இருக்காது. புதுக் குப்பியை எடுங்கள், திறப்பதற்கு முன் ஐஸில் ஒரு மணி நேரம் வையுங்கள், வெயில் காலத்தில் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும்.

அம்மோனியாவைத் தடித்த சுவருள்ள அரை லிட்டர் குப்பியில் ஊற்றி, ஐஸில் வைத்து, புரோமோ அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். உறைந்திருந்தால் லேசாக உருக்கிக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றி அமிலத்தில் அம்மோனியாவை விட்டால், தொடக்கத்தில் அமிலம்தான் பெரும்பான்மை, நாம் தவிர்க்க நினைத்த நிலைமையை நாமே உண்டாக்குகிறோம். சூடும் ஏறி அம்மோனியா பறந்துவிடும்.

குப்பியை இறுக மூடி அறை வெப்பநிலையில் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். ஆமாம், ஒரு வாரம். வாலினுக்கான புரோமோ அமிலத்தில் புரோமின் இருக்கும் கார்பனுக்கு அடுத்த கார்பனிலேயே கிளை இருக்கிறது, பின்பக்கமாக வந்து தாக்க வேண்டிய அம்மோனியாவுக்கு அது சுவர் மாதிரி நிற்கிறது. கிளை இல்லாத ஹெக்சனாயிக் அமிலத்தின் புரோமோ வடிவத்தை 50 டிகிரியில் ஒரு நாளில் முடித்துவிடலாம். இங்கே அந்த ஆசையில் திறந்த ஃபிளாஸ்க்கில் கொதிக்கவைத்தால் அம்மோனியா வெளியேறி ஹைட்ராக்சி அமிலமும், ஹைட்ரஜன் புரோமைடை இழந்த 3-மெத்தில்பியூட்-2-ஈனாயிக் அமிலமும்தான் கூடும். மூடிய கண்ணாடிக் குப்பியில் கொதிக்கவைப்பது பற்றிப் பேச்சே வேண்டாம், வெடிக்கும்.

## 8. படிகமாக்குதல்: இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள்

குப்பியைக் குளிரவைத்துத் திறந்து, ஹூட்டில் பீக்கரில் மெல்லச் சூடேற்றி, அம்மோனியா வாசனை அடங்கும் வரை விடுங்கள். அப்புறம் நீர் ஆஸ்பிரேட்டர் போட்டு 60 டிகிரித் தொட்டியில் 50 மில்லியாகச் சுருக்குங்கள். pH தாளில் 6 பக்கம் வந்திருக்க வேண்டும். வாலின் ஒரே மூலக்கூறில் நேர், எதிர் மின்சுமை இரண்டையும் வைத்துக்கொண்டு மிகக் குறைவாகக் கரைவது அந்த இடத்தில்தான்.

இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "கார்பாக்சிலிக் அமிலம் கார நிலையில் கரைந்திருக்கிறது, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் வீழ்படிவு விழும்" என்று பென்சாயிக் அமிலத்தில் கற்றதை இங்கே செய்கிறார்கள். pH 1-க்குப் போனால் வாலின் ஹைட்ரோகுளோரைடு உப்பாகி இன்னும் நன்றாகக் கரைந்துவிடும். ஒன்றும் விழாது, இன்னும் கொஞ்சம் அமிலம் விடுவார்கள், இன்னும் ஒன்றும் விழாது. அம்மோனியா போனாலே போதும், pH தானாக வந்து நிற்கும்.

அடுத்த எதிரி அம்மோனியம் புரோமைடு. வினை முழுமையாக நடந்திருந்தால் 9.8 கிராம் இருக்கும், வாலின் உச்சபட்சம் 11.7 கிராம். இரண்டும் வெள்ளைப் படிகம், பார்த்துப் பிரிக்க முடியாது. தண்ணீர் முழுவதையும் வற்றவிட்டு, சுரண்டி எடுத்து, "17 கிராம் வந்தது சார்" என்று மகிழ்ச்சியோடு வந்த மாணவரிடம், உங்கள் விளைச்சல் 145 சதவீதம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

எனவே வற்றவிடக் கூடாது. 50 மில்லி தண்ணீரில் அந்த 9.8 கிராம் உப்பு தாராளமாகக் கரைந்தே இருக்கும். வாலினோ 100 மில்லிக்கு 7 கிராம்தான் கரையும், ஆக 50 மில்லியில் 3.5 கிராம், ஐஸில் வைத்தால் அதைவிடக் குறைவு. மீதி படிகமாக வெளியே வரும். கரைசலிலேயே நிற்கும் அந்த மூன்று கிராமையும் விடாமல் எடுக்கத்தான் மெத்தனால். படிகம் வந்த பிறகு 100 மில்லி மெத்தனாலைச் சேர்த்து ஐஸில் இரண்டு மணி வையுங்கள். வாலின் அதில் கரையாது, உப்பு கரையும். எத்தனாலிலும் செய்யலாம், ஆனால் உப்பு அதில் குறைவாகவே கரைவதால் கூடக் கழுவ வேண்டிவரும்.

வடிகட்டி, குளிர்ந்த மெத்தனால் 15 மில்லியால் இரண்டு தடவை கழுவுங்கள். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, பிறகு வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு. வெளிர்மஞ்சள் கலங்கல் வந்தால் உப்பு இன்னும் இருக்கிறது, தெளிவாகும் வரை கழுவுங்கள். கடைசியாக வெந்நீரில், கிராமுக்குச் சுமார் 10 மில்லி என்ற கணக்கில் கரைத்து, நிறம் இருந்தால் கொஞ்சம் கரித்தூள் போட்டுச் சூட்டோடு வடிகட்டி, அதே அளவு எத்தனால் சேர்த்துக் குளிரவிட்டால் மினுமினுக்கும் தகடுகளாக வரும்.

## 9. கையில் இருப்பது வாலின்தானா

நின்ஹைட்ரின் தெளித்தால் ஊதா வரும். வந்துவிட்டதே என்று நிறுத்தாதீர்கள், மிஞ்சிய அம்மோனியம் உப்பும் நின்ஹைட்ரினோடு நிறம் தரும். அதனால்தான் வெள்ளி நைட்ரேட் சோதனையை முதலில் வைத்தேன். மெல்லடுக்குத் தகட்டில், பியூட்டனால்–அசெட்டிக் அமிலம்–தண்ணீர் 4:1:1 கலவையில், கடையில் வாங்கிய வாலினைப் பக்கத்திலேயே ஓடவிட்டு ஒப்பிடுங்கள்.

உருகுநிலை பார்க்கிறேன் என்று எண்ணெய்க் குழாயில் வைத்துக் காத்திருக்க வேண்டாம். 280 டிகிரிக்கு மேல்தான் சிதைந்துகொண்டே உருகும், அதற்குள் உங்கள் எண்ணெய் புகைந்துவிடும். கனநீரில் NMR எடுத்தால் ஆல்ஃபா CH 3.6 அருகே டபுளெட், 4.1 அருகே எதுவும் இருக்கக் கூடாது.

போலாரிமீட்டரில் சுழற்சி பூஜ்யம் காட்டும். அது பிழை அல்ல. ஈனாலின் இரண்டு முகத்திலும் புரோமின் சமமாகவே ஏறுகிறது, அதனால் D-யும் L-உம் பாதிப் பாதி. L-வாலின் மட்டும் வேண்டுமென்றால் இந்த வழியில் தனியாகப் பிரித்தெடுக்கும் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது.

எனக்கு 18.1 கிராம் புரோமோ அமிலத்தில் இருந்து மறுபடிகமாக்கிய பிறகு 5.6 கிராம் வந்தது, 48 சதவீதம். இந்தப் பொருளுக்கு அதுவே சரியான விளைச்சல், பாதிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் அம்மோனியாக் குப்பியின் வயதைப் பாருங்கள். 60-ஐத் தாண்டினால் திரும்ப வெள்ளி நைட்ரேட்டை எடுங்கள்.